அருணகிரிநாதர் பாட்டுக்கும் காப்பிரைட் க்ளெய்மா? கவர் சானல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்

சுருதிசுத்தம்

இரண்டரை வருடமாக யூடியூபில் பக்திப் பாடல் சானல் நடத்துகிறேன். 6,400 சப்ஸ்கிரைபர்கள். மானிடைசேஷன் கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. சானலில் நன்றாக ஓடியது ஒரே ஒரு வீடியோதான், ஒரு திருப்புகழ். நான்கு மாதத்தில் 1,80,000 பேர் பார்த்தார்கள், அதிலிருந்து மட்டும் ₹4,300 வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் மைக் வாங்கிய கடன் அதில்தான் அடைந்தது.

போன 3ஆம் தேதி அந்த வீடியோவுக்கு க்ளெய்ம் வந்திருக்கிறது. மின்னஞ்சலை நான் பார்த்ததே 9ஆம் தேதி. வீடியோ அப்படியே இருக்கிறது, ஸ்ட்ரைக் எதுவும் இல்லை, ஆனால் விளம்பர வருமானம் முழுக்க வேறு யாருக்கோ போகிறது. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டு. அவர் பாட்டுக்கு இப்போது யார் உரிமை கொண்டாட முடியும்? டிஸ்ப்யூட் பக்கத்தில் பழைய படைப்பு, காப்பிரைட் முடிந்துவிட்டது என்று ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாமா?

பாடியது நான்தான். பின்னணி இசை ஒரு கரோக்கி தளத்தில் ₹350 கொடுத்து வாங்கியது. ரசீது இருக்கிறது.

பழனிச்சாரல்

தைரியமாக அனுப்புங்கள் சகோதரி. சாமி பாட்டுக்கு காப்பிரைட் கிடையாது. காப்பிரைட் சட்டம் 52ஆம் பிரிவிலேயே இருக்கிறது, மதச் சடங்கில் பாடினால் அது மீறல் ஆகாது என்று. இவர்கள் எல்லாம் பயமுறுத்திக் காசு பார்ப்பவர்கள்.

வாய்தா வாங்கியவன்

பழனிச்சாரல் சொல்லும் பிரிவு இருப்பது உண்மை. 52(1)(za). ஆனால் அதை முழுக்கப் படிக்க வேண்டும். உண்மையான மதச் சடங்கு நடக்கும்போது, அந்தச் சடங்கின் பகுதியாகப் பாடினால், அல்லது இசைத்தட்டைப் போட்டால் மீறல் இல்லை என்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் அதே பிரிவின் விளக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் பாட்டு போடுபவருக்கு அது கவசம். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்து, விளம்பரம் ஓட விட்டு, மாதாமாதம் பணம் வாங்கும் சானலுக்கு அது பொருந்தும் என்று நான் எந்த நீதிபதி முன்னாலும் நின்று வாதாட மாட்டேன். பாட்டு முருகனைப் பற்றியதா முத்தத்தைப் பற்றியதா என்று காப்பிரைட் சட்டம் பார்ப்பதில்லை.

மிக்ஸிங் மேசை

சுருதிசுத்தம், தயவுசெய்து இன்னும் எதையும் அனுப்பாதீர்கள். முதலில் க்ளெய்ம் எதன் மேல் வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டில் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி ஒன்று. மூன்றுக்கும் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம், மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் காலாவதி ஆகலாம். அருணகிரிநாதரை வைத்து நீங்கள் நிரூபிக்கக்கூடியது முதலாவதை மட்டும்தான். திருப்புகழ் வரிகளும் சந்தமும் நமக்கு வந்து சேர்ந்தன, அவர் பாடிய மெட்டு வந்து சேரவில்லை. இன்று கேசட்டிலும் மேடையிலும் கேட்கிற திருப்புகழ் மெட்டுகளில் பல போன நூற்றாண்டில் யாரோ உட்கார்ந்து போட்டவை. தியாகராஜர் கீர்த்தனை என்றால் கதை வேறு. அவர் 1847இல் மறைந்தார், வரிகளும் மெட்டும் அவருடையவை. அங்கே மிஞ்சுவது ஒலிப்பதிவு மட்டும்.

ஸ்டுடியோவில் அந்த வீடியோவுக்கு நேராக `Restrictions` என்ற பத்தியில் `Copyright` என்று இருக்கும். அதில் கர்சரை வைத்தால் `See details` வரும். உள்ளே போய், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பிடித்திருக்கிறது, க்ளெய்ம் செய்தவர் பெயர் என்ன, எந்தப் பாட்டின் பெயர் போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கீபோர்ட் தம்பி

நான் சினிமா பாட்டு கவர் சானல். என் கதையையும் சொல்கிறேன், பக்திப் பாட்டுக்கும் உதவும்.

போன மாதம் இரண்டு வீடியோ போட்டேன். இரண்டிலும் கீபோர்ட் நான் வாசித்தது, கிடார் நண்பன், பாடியது தங்கை. கரோக்கி கிடையாது, எல்லாம் நாங்களே. இரண்டுக்கும் ஏறக்குறைய 60,000 பார்வை. இரண்டுக்கும் மெட்டுக்கு க்ளெய்ம் வந்தது. ஒன்றில் எனக்கு வந்தது பூஜ்யம். மற்றொன்றில் ₹600 கிட்ட வந்தது. காரணம், இரண்டாவது பாட்டின் உரிமையாளர் கவர் வீடியோக்களுக்கு வருமானப் பகிர்வை அனுமதித்திருக்கிறார். முதல் பாட்டுக்காரர் முழுசாக எடுத்துக்கொள்கிறார். மானிடைசேஷன் பத்தியில் பார்த்தால் பகிர்வா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் அது வீடியோவைப் போட்ட பிறகுதான் தெரியும், அதுதான் கடுப்பு. இப்போதெல்லாம் புதுப் பாட்டு எடுப்பதற்கு முன் அதே நிறுவனத்தின் வேறு பாட்டு எனக்கு எப்படி வந்தது என்று நோட்டில் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அக்கா, இன்னொன்று. கரோக்கி ட்ராக் வைத்தால் இந்தப் பகிர்வு கிடைக்காது. அது இன்னொருவர் ஒலிப்பதிவு என்று கணக்கு.

மெல்லிசை மன்றம்

ஐயா, எங்கள் லைட் மியூசிக் குழுவுக்கும் இதே பிரச்சினை. கல்யாண வரவேற்பில் பாடினால் ஐபிஆர்எஸ் லைசன்ஸ் கேட்கிறார்கள். 2017இல் எஸ்.பி.பி. அவர்களுக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதே. லைசன்ஸ் எடுத்துவிட்டால் யூடியூபிலும் போடலாம்தானே?

வாய்தா வாங்கியவன்

ஐயா, இங்கே பேசுவது வேறு. அந்த நோட்டீஸ் மேடையில் பாடுவதைப் பற்றியது. மேடை நிகழ்ச்சிக்கு எடுக்கிற லைசன்ஸ் அந்த மேடையோடு சரி. படத்தோடு சேர்த்து வீடியோவாக வெளியிட, அந்த மெட்டும் வரியும் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வரவேற்பில் பாடியதைப் படம்பிடித்துச் சானலில் போட்டால் உங்களுக்கும் இதே க்ளெய்ம்தான் வரும், கையில் லைசன்ஸ் தாள் இருந்தாலும்.

சுருதிசுத்தம்

பார்த்தேன். பிடித்திருப்பது இரண்டு இடம். 0:00 முதல் 0:42 வரை, அப்புறம் 2:10 முதல் 2:31 வரை. க்ளெய்ம் செய்தவர் ஒரு பாட்டு விநியோக நிறுவனம். பாட்டுப் பெயர் அதே திருப்புகழ், ஆனால் பாடியவர் பெயர் நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். பாடியவர் வேறு, ஆனால் பின்னால் ஓடுவது நான் வாங்கிய அதே ட்ராக்! முதலில் வருகிற புல்லாங்குழல் அப்படியே இருக்கிறது.

மிக்ஸிங் மேசை

நினைத்தேன். அந்த இரண்டு இடத்திலும் நீங்கள் பாடவே இல்லை, சரிதானே? ஒன்று முன்னிசை, மற்றது இடையிசை. குரல் இல்லாத இடத்தில் மட்டும் பிடித்தால் மாட்டியது ஒலிப்பதிவு. மெட்டு பிடிபட்டிருந்தால் நீங்கள் பாடுகிற இடம்தான் முதலில் சிக்கியிருக்கும்.

நடந்தது இதுதான். உங்களைப் போலவே இன்னொருவர் அதே தளத்தில் அதே ட்ராக்கை வாங்கியிருக்கிறார். பாடி, விநியோக நிறுவனம் வழியாக எல்லாச் செயலிகளிலும் வெளியிட்டிருக்கிறார். அப்போது, ஒரே ஒலி வேறு வீடியோவில் வருகிறதா என்று யூடியூபில் தானாகத் தேடிப் பிடிக்கிற கன்டென்ட் ஐடியிலும் சேர்க்கவா என்று ஒரு பெட்டி வரும், அதில் டிக் அடித்திருக்கிறார். பலருக்கு விற்ற ட்ராக்கை அப்படிச் சேர்க்கக் கூடாது, ஆனால் அந்தப் பெட்டியை யாரும் படிப்பதில்லை. அன்றிலிருந்து அந்தப் புல்லாங்குழல் யார் வீடியோவில் வந்தாலும் இயந்திரம் அவர் சொத்து என்று பிடிக்கும். அவர் வேண்டுமென்று செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆகவே காலாவதி என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் தோற்பீர்கள். வரிகள் காலாவதி ஆகியிருக்கலாம், போன வருடம் யாரோ வாசித்த புல்லாங்குழல் காலாவதி ஆகவில்லை. உங்கள் காரணம் லைசன்ஸ் இருக்கிறது என்பதுதான். ஆனால் அதற்கு முன் அந்தக் கரோக்கி தளத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். வீட்டில் பாடிப் பழக மட்டும் என்று எழுதியிருந்தால் ₹350 ரசீது செல்லாக்காசு. அதை வைத்து டிஸ்ப்யூட் போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. இரண்டு வீடியோ தயார் செய்யுங்கள். ஒன்றில் ட்ராக் மட்டும், குரல் வேண்டாம். மற்றொன்றில் உங்கள் குரலும் தம்புராவும் மட்டும். படத்துக்கு ஒரு கறுப்புத் திரை போதும். இரண்டையும் `Private` ஆக ஏற்றுங்கள். ஏற்றும்போதே `Checks` என்ற கட்டத்தில் காப்பிரைட் பார்த்துச் சொல்லிவிடும். முதலாவது மாட்டி இரண்டாவது தப்பினால் பிரச்சினை ட்ராக்கில் மட்டும். இரண்டாவதும் மாட்டினால் மெட்டுக்கும் ஒருவர் காத்திருக்கிறார். இதற்கு ஒரு வரம்பு உண்டு. இன்று தப்பியது நாளைக்கும் தப்பும் என்று அர்த்தம் இல்லை, நாளை யாராவது புதிதாகப் பதிவு செய்தால் பழைய வீடியோக்களையும் அது தேடும்.

பழனிச்சாரல்

அப்படியானால் நாட்டுடைமை ஆன பாட்டு? பாரதியார் பாட்டை எல்லாம் அரசே பொதுவாக்கிவிட்டதே. அதற்கும் என் நண்பருக்கு க்ளெய்ம் வந்தது.

வாய்தா வாங்கியவன்

நாட்டுடைமை ஆனது பாரதியின் எழுத்து. அதற்குச் சினிமாவில் ஒருவர் மெட்டுப் போட்டிருந்தால் மெட்டு அவர் கணக்கு. உங்கள் நண்பர் எந்த மெட்டில் பாடினார்?

பாட்டாசிரியரின் வரிக்கும் இசையமைப்பாளரின் மெட்டுக்கும் அவரவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார், அவர் வரிகள் 2020 தொடங்கும்போதே காலாவதி ஆகிவிட்டன. அதே வரிக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் தனியாக மெட்டுப் போட்டிருந்தால், அவர் மறைந்தது 2015, ஆகவே மெட்டு 2075 முடியும்வரை உயிரோடு இருக்கும். பக்திப் பக்கமும் அப்படித்தான். பாபநாசம் சிவன் பாட்டைப் பழைய பாட்டு என்று நினைத்துப் பலர் பாடிப் போடுகிறார்கள். அவர் 1973இல் மறைந்தார். 2033 முடியட்டும்.

கீபோர்ட் தம்பி

சார், கவர் பாடுவதற்கு என்றே நம் சட்டத்தில் ஒரு லைசன்ஸ் இருக்கிறதாமே? 31சி என்று ஒருவர் சொன்னார். யாரையும் கேட்க வேண்டாம், நோட்டீஸ் கொடுத்துப் பணம் கட்டினால் போதும் என்றார்.

வாய்தா வாங்கியவன்

2012 திருத்தத்தில் வந்தது. படித்ததும் ஆசையாகத்தான் இருக்கும். மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும், பாட்டைத் தேவையில்லாமல் மாற்றக் கூடாது, இது கவர் என்று அட்டையில் தெரிய வேண்டும். கேசட், சிடி காலத்தை மனதில் வைத்து எழுதியது. எல்லாவற்றுக்கும் மேல் அது ஒலிப்பதிவுக்கு மட்டும். உங்கள் முகமும் கீபோர்டும் தெரிகிற வீடியோவுக்கு அது கை கொடுக்காது. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, சில விநியோக நிறுவனங்கள் கவர் லைசன்ஸ் என்று விற்பது அதைத்தான். அதுவும் ஒலிக்கு மட்டும், அந்த நாட்டுக்கு மட்டும்.

கீபோர்ட் தம்பி

அப்படியானால் நேராகக் கேட்டு வாங்குவதுதான் வழி. நான் ஒரு முறை வாங்கினேன், ஒரு சின்ன ஆடியோ நிறுவனத்திடம், பழைய பக்திக் கேசட் பாட்டுக்கு. மின்னஞ்சலில் அனுமதி வந்தது, சந்தோஷமாகப் போட்டேன். மறுநாளே அதே நிறுவனத்தின் க்ளெய்ம்! அனுமதி கொடுத்தவர் ஓர் அறையில், கன்டென்ட் ஐடி பார்ப்பவர் இன்னோர் ஊரில். அனுமதிக் கடிதத்தில் சானலின் ஐடி இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சானல் பெயர் இல்லை, `UC` என்று தொடங்கும் நீளமான எழுத்துக் கோவை. அதை அவர்கள் விலக்குப் பட்டியலில் சேர்த்தால்தான் இயந்திரம் விடும். பேசும்போதே இதையும் கேளுங்கள்: விளம்பர வருமானம் எனக்கு உண்டா, எத்தனை வருடம், வெளிநாட்டில் பார்த்தாலும் செல்லுமா. பாடிக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதில் பணத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.

சுருதிசுத்தம்

சோதனை செய்தேன். ட்ராக் மட்டும் போட்டது உடனே மாட்டியது. குரலும் தம்புராவும் இருந்தது தப்பியது. கரோக்கி தளத்தின் பக்கத்தையும் படித்தேன். சொந்தச் சானலில் வெளியிடலாம், வருமானம் பார்க்கலாம், ஆனால் தனி உரிமை இல்லை, கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. 11ஆம் தேதி லைசன்ஸ் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ரசீது எண்ணையும் அந்த நிபந்தனை வரியையும் எழுதி அனுப்பினேன். விற்ற தளத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

3ஆம் தேதியிலிருந்து போன பணம் திரும்பி வருமா?

மிக்ஸிங் மேசை

வராது. க்ளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே பணத்தைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள், ஜெயித்தவருக்குப் போகும். நீங்கள் எட்டாம் நாள் போட்டதால் 11ஆம் தேதியிலிருந்து வருவது மட்டும் நிறுத்தி வைக்கப்படும். எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும். மறுத்தால் நீங்கள் அப்பீல் போகலாம், அப்போது அவர்களுக்கு 7 நாள். அப்பீலில் அவர்கள் வீடியோவை எடுக்கச் சொன்னால் அது ஸ்ட்ரைக். உங்கள் காகிதம் சரியாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் காகிதம் இல்லாத ஒருவர் உங்களைப் பார்த்து அந்தப் படி வரை ஏறினால் சானலுக்கே ஆபத்து. மூன்று ஸ்ட்ரைக்கில் மூடிவிடுவார்கள்.

சுருதிசுத்தம்

பதினெட்டாம் நாள் க்ளெய்மை விட்டுவிட்டார்கள்! அந்தப் பாடகரே எனக்கு எழுதினார். அவருக்கு இப்படி ஒரு பெட்டி டிக் ஆனதே தெரியாதாம். நிறுத்தி வைத்த பணம் வந்தது, ₹410. நடுவில் எட்டு நாள் போனது போனதுதான்.

இருந்தாலும் அடுத்த பாட்டிலிருந்து ட்ராக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வயலினும் மிருதங்கமும் வைத்து அதே திருப்புகழை மறுபடி பதிவு செய்தேன். மெட்டு என் குருவிடம் நேரில் பாடம் கேட்டது. அவர் யாரிடம் கற்றார் என்று தெரியாது, இப்போது அவர் இல்லை. இதில் மெட்டுக்கு யார் வருவார்கள்?

வாய்தா வாங்கியவன்

ராகமும் தாளமும் யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் அந்த வரிக்கு இந்தக் கட்டுமானம் என்று ஒருவர் போட்டிருந்தால் அது இசைப் படைப்பு. வாய்வழியாக வந்தது என்பதாலேயே அது பொது ஆகிவிடாது, போட்டவர் எப்போது மறைந்தார் என்பதுதான் கேள்வி.

மிக்ஸிங் மேசை

இதில் நான் வக்கீல் சாரோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். நான்கு குருகுலத்தில் நான்கு விதமாகப் பாடுகிற மெட்டை ஒருவர் முதலில் கேசட்டில் பதிந்ததாலேயே அவர் போட்டது என்று எப்படிச் சொல்வது? கேசட்டுக்கு முன்பே பாடப்பட்டது என்று காட்ட ஒரு பழைய ஸ்வரப் புத்தகம் கிடைத்தால் நல்லது. பதிப்பு ஆண்டு தெரிகிற பக்கத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வீடியோவை நீக்காதீர்கள். 1,80,000 பார்வையும் அதன் பின்னூட்டங்களும் புது வீடியோவுக்கு மாறாது. புதியதைத் தனியாகப் போட்டு, பழையதன் விளக்கத்தில் இணைப்பு கொடுங்கள். வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களிடம் எழுதி வாங்கினீர்களா? இந்தப் பதிவை நான் வேறெங்கும் வெளியிட மாட்டேன், சானலில் வருகிற வருமானத்தில் பங்கு இவ்வளவு, அல்லது ஒரே தொகையாக வாங்கிவிட்டேன் என்று இரண்டு வரி, தேதி, கையெழுத்து.

சுருதிசுத்தம்

மிருதங்கக்காரரிடம் வாங்கினேன். வயலின் வாசித்தது என் சித்தப்பா, அவரிடம் எப்படிக் கேட்பது?

கீபோர்ட் தம்பி

அக்கா, முதலில் சித்தப்பாவிடம் வாங்குங்கள். என் கிடார் நண்பன் தனிச் சானல் தொடங்கி, நாங்கள் சேர்ந்து பதிவு செய்ததையே விநியோகத்தில் போட்டு, எனக்கே க்ளெய்ம் அனுப்பியிருக்கிறான்.